கஸ்டமர் யூனிட்டைப் பார்த்துவிட்டுப் போன பிறகு அனுப்பும் நன்றி மெயிலில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: "கோயம்புத்தூர்ல சின்ன சி.என்.சி. யூனிட். சென்னையில இருந்து ஹைட்ராலிக் வால்வ் கம்பெனிக்காரங்க மூணு பேர் இன்னிக்கு வந்து யூனிட்டைப் பார்த்துட்டுப் போனாங்க. வால்வுக்குள்ள நகர்ற ஸ்பூலுக்கு சாம்பிள் கேட்டிருக்காங்க, இன்னும் ஆர்டர் இல்ல. ஓனர் தேங்க்யூ மெயில் போடச் சொல்றார். வெறும் நன்றி மட்டும் போதுமா, பேசின வேலையெல்லாம் அதிலேயே எழுதணுமா? எழுதினா எப்படி எழுதறது?"

ஒரே மெயிலில் எழுதுங்கள். நன்றி இரண்டு மூன்று வரி, மீதி எல்லாம் யார் எதை எப்போது செய்வது என்பதுதான். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இப்போது ஆர்டர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பேசியது மட்டுமே இருக்கிறது. வந்த மூவரில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் ஆபீஸ் போனதும் விசிட் ரிப்போர்ட் எழுத உட்காருவார். அதற்கு முன் உங்கள் மெயில் போய்ச் சேர்ந்தால், அதிலிருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலும் எழுதுவார். அவர் ரிப்போர்ட் முதலில் வந்துவிட்டால், அதில் உள்ளதுதான் நீங்கள் ஒப்புக்கொண்டது என்று நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் நன்றி மெயிலை இன்று அனுப்பிவிட்டு, வேலைப் பட்டியலை இரண்டு நாள் கழித்து அனுப்புவதில் இந்தச் சிக்கல்தான் வரும்.

மெயில் எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்களோடு ஷாப் ஃப்ளோரில் நடந்த எல்லோரையும், அதாவது ஓனர், குவாலிட்டி பார்ப்பவர், கிரைண்டிங் சூப்பர்வைசர் ஆகியோரை உட்கார வைத்து, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒரே கூட்டம் மூன்று குழுவாகப் பிரிந்து நடந்திருக்கும். பர்ச்சேஸ் மேனேஜரிடம் ஓனர் ஒரு தேதி சொல்லியிருப்பார், குவாலிட்டி இன்ஜினியரிடம் சூப்பர்வைசர் இன்னொன்று சொல்லியிருப்பார். முக்கியமாக "பண்ணிடலாம் சார்" என்று எங்கெல்லாம் சொன்னீர்கள் என்று தேடுங்கள். முயற்சி பண்ணிப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில் நம் பக்கத்தில் அதைச் சொல்கிறோம், எதிரில் இருப்பவர் நோட்டில் அது ஒப்புக்கொண்டதாகவே ஏறுகிறது. பேசிய ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டது, பேச்சில் வந்தது, இன்னும் முடிவாகாதது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகை மட்டும் தேதியோடு பட்டியலில் ஏறட்டும். மூன்றாம் வகை கேள்வியாகப் போகட்டும். இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றை எழுதவே வேண்டியதில்லை, எழுதினால் அதுவும் வாக்குறுதியாகிவிடும். உங்கள் பக்கத்து வேலை ஒவ்வொன்றையும் யார் செய்யப்போகிறாரோ அவரிடம் தேதியைக் கேட்டு வாங்கிய பிறகே எழுதுங்கள். மார்க்கெட்டிங்கில் இருப்பவர் தானாகப் போட்ட தேதியை ஷாப்பில் இருப்பவர் காப்பாற்ற மாட்டார்.

தேதி போடுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "சாம்பிள் இரண்டு வாரத்தில்" என்று பேசியிருப்பீர்கள். எந்த நாளிலிருந்து இரண்டு வாரம்? ஸ்பூலுக்கு உங்கள் கணக்கு இப்படி இருக்கலாம்: என்353 எஃகு ராடு வாங்க 2 நாள், டர்னிங்கும் மில்லிங்கும் 3 நாள், வெளியே ஹீட் ட்ரீட்மென்ட் 4 நாள், கிரைண்டிங் 2 நாள், இன்ஸ்பெக்‌ஷன் 1 நாள், மொத்தம் 12 வேலை நாள். இந்த 12 நாள் ஓடத் தொடங்குவது கடைசி ரிவிஷன் ட்ராயிங் உங்கள் கைக்கு வந்த பிறகு. ட்ராயிங்கை அனுப்ப வேண்டியது அவர்கள். மெயிலில் "மார்ச் 30-ம் தேதி சாம்பிள்" என்று மட்டும் எழுதிவிட்டு, ட்ராயிங் ஒரு வாரம் தாமதமாக வந்தால், அந்தத் தாமதம் அவர்கள் ரிப்போர்ட்டில் உங்கள் பெயரில்தான் ஏறும். அதனால் தேதியை நிபந்தனையோடு எழுதுங்கள்: "ரிவிஷன் சி ட்ராயிங்கும் கேஸ் டெப்த் விளக்கமும் கிடைத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 12 வேலை நாள். 16-ம் தேதி திங்களுக்குள் இரண்டும் வந்தால் சாம்பிள் 30-ம் தேதி தயார்." நாள் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் அவர்கள் காலண்டரில் குறிக்க முடியாது, தேதியை மட்டும் எழுதினால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். சனிக்கிழமை உங்களுக்கு வேலை நாள், அவர்கள் ஆபீசுக்கு விடுமுறையாக இருக்கலாம். எனவே உங்கள் வேலை நாள் எது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முடிவாகாத விஷயத்துக்கு ஸ்பூலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ட்ராயிங்கில் கேஸ் டெப்த், அதாவது ஹீட் ட்ரீட்மென்டில் கடினமாகும் மேல்தோலின் ஆழம், 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று இருக்கும். அது கிரைண்டிங்குக்கு முன்பா, முடிந்த பிறகா என்று பல ட்ராயிங்கில் எழுதியிருக்காது. பக்கத்துக்கு 0.15 மில்லிமீட்டர் கிரைண்டிங் அலவன்ஸ் விட்டால், முடிந்த ஸ்பூலில் 0.6 முதல் 0.8 நிற்க வேண்டுமானால் கார்புரைசிங்கில் 0.75 முதல் 0.95 வரை ஏற்ற வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் ட்ராயிங்கில் உள்ள எண்ணையே கொடுத்துவிட்டால், கிரைண்டிங் முடிந்ததும் மிச்சம் 0.45 முதல் 0.65தான். சாம்பிளை வெட்டிப் பார்க்கும்போது தள்ளுபடியாகும், 12 நாளும் வீண். ஷாப்பில் நிற்கும்போது டிசைன் இன்ஜினியர் "ஃபினிஷ்லதான் இருக்கும், செக் பண்ணிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இதை "ஃபினிஷ் அளவு என்று பேசினோம்" என எழுதாதீர்கள். "கிரைண்டிங் முடிந்த பிறகு 0.6 முதல் 0.8 என்று எடுத்துக்கொள்கிறோம், உறுதிசெய்து சொல்லவும்" என்று எழுதி, அவர் பொறுப்பில், தேதி போட்டுப் பட்டியலில் வையுங்கள். ஆம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் பதில் சீக்கிரம் வரும்.

இன்னொன்று, கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும், எழுத்தில் வந்தால் உங்களைக் கட்டிப்போடும்: "10 சாம்பிளோட சி.பி.கே. ரிப்போர்ட்டும் அனுப்புங்க." சி.பி.கே. என்பது உங்கள் ப்ராசஸ் ட்ராயிங் வரம்புக்குள் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று காட்டும் எண். பத்து பீஸை வைத்து அதைக் கணக்குப் போட்டால் ஒரு எண் வரும், ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. உற்பத்திக்கு முன் பார்ட்டுக்கு ஒப்புதல் வாங்கும் முறையான பி.பி.ஏ.பி.க்கு ஆட்டோமொபைல் துறை வைத்திருக்கும் கையேடு, ஆரம்ப ப்ராசஸ் ஆய்வுக்குக் குறைந்தது 25 சப்குரூப், 100 அளவீடு கேட்கிறது. அந்தப் பீஸ்களும் கஸ்டமர் வேறு சொல்லாவிட்டால் தொடர்ச்சியாக ஓட்டிய குறைந்தது 300 பீஸ் லாட்டிலிருந்து வர வேண்டும். 1.67-க்கு மேல் வந்தால் ஏற்பு என்ற அளவுகோலும் அப்படிப்பட்ட ஆய்வுக்கு உரியது. ஹைட்ராலிக் கம்பெனிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன, உங்கள் கஸ்டமர் தனி விதி வைத்திருந்தால் அதுதான் செல்லும். எனவே மெயிலில் மறுக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். "10 சாம்பிளுக்கும் ட்ராயிங்கில் உள்ள எல்லா அளவுகளுக்கும் டைமென்ஷன் ரிப்போர்ட் தருகிறோம். சி.பி.கே. ஆய்வை பைலட் லாட்டில் செய்து பி.பி.ஏ.பி.யோடு தருகிறோம், இது உங்களுக்குச் சரிதானா" என்று எழுதுங்கள். நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்பதும் குவாலிட்டி இன்ஜினியருக்கு இதில் புரியும்.

அவர்கள் குறை சொன்ன இடங்களை விட்டுவிடத் தோன்றும், விடக் கூடாது. ஏர் கேஜின் கேலிப்ரேஷன் தேதி முடிந்திருந்தது, ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் பூட்டு இல்லை என்று இரண்டு சொன்னார்கள் என வைத்துக்கொள்வோம். அவர்கள் நோட்டில் அவை நிச்சயம் இருக்கும், உங்கள் மெயிலில் இல்லாவிட்டால் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். எழுதும்போது விளக்கம் சொல்ல வேண்டாம், "ஏற்கெனவே அனுப்ப இருந்தோம்" போன்ற வரியால் ஒரு லாபமும் இல்லை. முடிந்ததையும் முடியாததையும் கலக்கவும் கூடாது. பூட்டு இன்று சாயங்காலமே போட்டாயிற்று என்றால் போட்டோவை இணைத்து "முடிந்தது" என்று எழுதலாம். கேலிப்ரேஷனுக்கு கேஜ் நாளைக்குத்தான் போகிறது என்றால், "என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபுக்கு 12-ம் தேதி அனுப்புகிறோம், சர்ட்டிஃபிகேட் 21-ம் தேதிக்குள்" என்றுதான் எழுத வேண்டும். "சரிசெய்துவிட்டோம்" என்று எழுதி, அவர்கள் சர்ட்டிஃபிகேட் நம்பர் கேட்டு உங்களிடம் இல்லாவிட்டால், பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த ஏர் கேஜால்தான் சாம்பிளின் வெளிவிட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கேலிப்ரேஷன் தேதி சாம்பிள் தேதிக்கு முன்னால் விழ வேண்டும். பட்டியலில் உள்ள தேதிகள் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், அவர்கள் பார்ப்பார்கள்.

விலையை இந்த மெயிலில் எழுதாதீர்கள். ஷாப்பில் நடந்துகொண்டே ஓனர் "சுமாரா இவ்வளவு வரும்" என்று சொல்லியிருக்கலாம், பர்ச்சேஸ் மேனேஜர் தன் டார்கெட் விலையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் தவிர்த்து, "மாதம் 2,000 பீஸ் அளவுக்குக் கொட்டேஷன் தனியாக, இந்தத் தேதிக்குள்" என்று மட்டும் போதும். "உங்கள் டார்கெட் விலையைக் குறித்துக்கொண்டோம்" என்ற வரிகூட ஏற்றுக்கொண்டதாகப் படிக்கப்படும். இது வெறும் பேரம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம் என்ற காரணத்தால் மட்டும் அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ட்ரைமெக்ஸ் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், பாக்சைட் சப்ளைக்கு முக்கிய நிபந்தனைகள் மெயில்களிலேயே முடிவாகிவிட்டதால், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாவிட்டாலும் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று சொன்னது. உங்கள் நன்றி மெயில் தானாக ஒப்பந்தமாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை, பொருள், அளவு, விலை, டெலிவரி எல்லாம் இரு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பேச்சு எழும். ஆனால் அவை நாலும் ஒரே மெயிலில் அமர்ந்து, எதிர்ப்பக்கம் "ஓகே" என்று பதில் போட்டுவிட்டால், நன்றி மெயில்தானே என்று பிறகு சொல்வது எளிதல்ல. ராடு விலை ஏறும்போதுதான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இப்போது மெயில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், சாரத்தைத் தமிழில் தருகிறேன். சப்ஜெக்ட்: "மார்ச் 11 யூனிட் விசிட், ஸ்பூல் சாம்பிள், அடுத்த வேலைகள்." உங்கள் கம்பெனி பெயரும் அதில் வரட்டும். உள்ளே:

"ஐயா, நேரம் ஒதுக்கி இன்று எங்கள் யூனிட்டுக்கு நீங்கள் மூவரும் வந்ததற்கு நன்றி. லேண்ட் ஓரங்களைச் சேம்ஃபர் செய்யாமல், பிசிறு மட்டும் எடுத்து, பத்து மடங்கு லென்சில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் இன்றே சேர்த்துவிட்டோம். இன்று பேசி ஒப்புக்கொண்டவை இவை.

உங்கள் பக்கம்: ரிவிஷன் சி ட்ராயிங், பர்ச்சேஸ் மேனேஜர், மார்ச் 13 வெள்ளி. கேஸ் டெப்த் 0.6 முதல் 0.8 மி.மீ. என்பது கிரைண்டிங் முடிந்த பிறகு உள்ள அளவுதானா என்ற உறுதி, டிசைன் இன்ஜினியர், மார்ச் 16 திங்கள்.

எங்கள் பக்கம்: ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்புவது, ஓனர், மார்ச் 12. 10 சாம்பிள், முழு டைமென்ஷன் ரிப்போர்ட், ஹீட் ட்ரீட்மென்ட் சர்ட்டிஃபிகேட், புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், மேலே உள்ள இரண்டும் கிடைத்த மறுநாளிலிருந்து 12 வேலை நாள் (ஞாயிறு மட்டும் விடுமுறை), மார்ச் 16-க்குள் கிடைத்தால் மார்ச் 30. ஏர் கேஜ் கேலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட், குவாலிட்டி, மார்ச் 21. ரிஜெக்‌ஷன் பெட்டிப் பூட்டு முடிந்தது, போட்டோ இணைப்பில். கொட்டேஷன், ட்ராயிங் கிடைத்து 3 வேலை நாளில், தனி மெயிலாக.

சி.பி.கே. ஆய்வை பைலட் லாட்டில் செய்ய நினைக்கிறோம், இது சரிதானா என்று சொல்லவும். நாங்கள் எதையாவது விட்டிருந்தாலோ தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலோ இந்த மெயிலிலேயே திருத்தி அனுப்பவும்."

இதில் நன்றிப் பகுதியைக் கவனியுங்கள். "உங்கள் மேலான வருகையால் பெருமை அடைகிறோம்" என்று எந்தக் கம்பெனிக்கும் எழுதலாம், அதனால் யாரும் படிப்பதில்லை. ஸ்பூலின் தடித்த பகுதியான லேண்டின் ஓரம் கூர்மையாக இருந்தால்தான் எண்ணெய் ஓட்டம் சரியான இடத்தில் திறந்து மூடும், பிசிறு இருந்தால் வால்வுக்குள் கோடு விழும். அதை அவர் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார், நீங்கள் அன்றே செய்துவிட்டீர்கள் என்பதைவிடப் பெரிய நன்றி அவருக்கு இல்லை. கடைசி வரியும் அப்படித்தான். "மூன்று நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம்" என்று சிலர் எழுதுவதுண்டு. ஆர்டரே தராத கஸ்டமருக்கு அது மிரட்டலாகப் படும். நம் ஒப்பந்தச் சட்டத்தில் வெறும் மௌனம் பொதுவாகச் சம்மதமாகவும் ஆகாது. திருத்தச் சொல்லிக் கேட்பதே போதும்.

விசிட்டை ஏற்பாடு செய்தவருக்கு நேராகவும், வந்த மற்ற இருவருக்கும் உங்கள் பக்கத்தில் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கும் சி.சி.யாகவும் போடுங்கள். விசிட்டிங் கார்டில் இருந்த அவர்கள் மேலதிகாரியை வராத நிலையில் சேர்க்காதீர்கள், கேலிப்ரேஷன் தேதி தாண்டியிருந்த விஷயம் அவர் கண்ணில் பட வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஹீட் ட்ரீட்மென்ட்காரரைச் சேர்க்கவே கூடாது. ஷாப்பில் அவர்கள் பார்த்த வேறு கஸ்டமரின் பார்ட்டையோ பெயரையோ மெயிலில் குறிப்பிடாதீர்கள், "இவர்களுக்கும் இதே போல் செய்கிறோம்" என்று எழுதினால், நாளை தன் ட்ராயிங்கையும் இப்படித்தான் காட்டுவார்கள் என்று அவருக்குத் தோன்றும். மெஷின் பட்டியல் கேட்டிருந்தால் இணையுங்கள், கேட்காத ப்ரோஷர் வேண்டாம். பெரிய ஃபைலை அவர்கள் மெயில் சர்வர் திருப்பி அனுப்பினால் முழு மெயிலும் போய்ச் சேராது.

அனுப்ப வேண்டியது இன்று சாயங்காலம், முடியாவிட்டால் நாளைக் காலை 11 மணிக்குள். வெள்ளிக்கிழமை விசிட் என்றால் திங்கள் வரை வைத்திருக்காதீர்கள், அன்றே அனுப்புங்கள். கேலிப்ரேஷன் சர்ட்டிஃபிகேட், கொட்டேஷன், சாம்பிள் அனுப்பிய கூரியர் விவரம் எல்லாம் அதே மெயிலுக்குப் பதிலாகவே போகட்டும், சாம்பிள் அப்ரூவல் ஆகும்போது முழுக் கதையும் ஒரே இடத்தில் கிடைக்கும். 13-ம் தேதி ட்ராயிங் வரவில்லை என்றால் 14-ம் தேதி காலை ஃபோனில் கேட்டுவிட்டு, "ட்ராயிங்குக்காகக் காத்திருக்கிறோம்" என்று அதே மெயிலில் ஒரு வரி போடுங்கள், குறை சொல்லும் தொனி வேண்டாம். 23-ம் தேதிதான் எல்லாம் கையில் வந்தது என்றால் அன்றே "சாம்பிள் இனி ஏப்ரல் 6" என்று திருத்தி அனுப்புங்கள். உங்கள் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் பேட்ச் தள்ளிப்போனால், சொன்ன தேதி வருவதற்கு முன்பே காரணத்தையும் புதுத் தேதியையும் எழுதிவிடுங்கள்.